மூக்கு ஸ்பிரேயை நிறுத்திவிட்ட நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மூன்று நாள் ஸ்பிரே அடித்தும் தும்மல் நிற்கவில்லை, வலது மூக்கில் ரத்தமும் வந்தது, அதனால் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் நிற்கிறது. இரண்டு வருஷம் முன்பு நானும் இதே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயை இதே காரணத்துக்காக நிறுத்தினேன்.

அப்போது காது மூக்கு தொண்டை டாக்டர், "எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார். வலது கையால் வலது மூக்கில் அடித்துக் காட்டினேன். தப்பு அங்கேதான் இருந்தது. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே மூக்கின் நடுச்சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. அங்கே தோல் மெல்லியது, ரத்தக் குழாய்கள் மேலாகவே ஓடுகின்றன. தினமும் ஒரே இடத்தில் மருந்து பட்டால் காய்ந்து, பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும். மருந்து போய்ச் சேர வேண்டிய வீக்கமோ பெரும்பாலும் வெளிப்பக்கச் சுவரில் இருக்கிறது.

அதனால் கையை மாற்று. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முதலில் மெதுவாக மூக்கைச் சிந்திக்கொள். பாட்டிலைக் குலுக்கு. தலையைப் பின்னால் சாய்க்காமல் லேசாக முன்னால் குனி. முனையைக் கொஞ்சம் மட்டும் உள்ளே விட்டு, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமூலையைக் குறிவைத்து அழுத்து. மூச்சைச் சாதாரணமாக இழுத்தால் போதும். தொண்டையில் மருந்து ருசி தெரிந்தால், பலமாக உறிஞ்சிவிட்டாய் என்று அர்த்தம். மருந்து மூக்கில் தங்காமல் வயிற்றுக்குப் போய்விட்டது. அடித்த உடனே மூக்கைச் சிந்தாதே.

அப்புறம், மூன்று நாள் என்பது போதவே போதாது. நீ முன்பு போட்ட அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சில நிமிடத்தில் மூச்சு விடலாம். ஆனால் அதையே நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு ஸ்பிரே அப்படியல்ல. அது அழற்சியையே மெல்லத் தணிக்கிறது. முதல் நாளே கொஞ்சம் இதம் தெரியலாம், ஆனால் முழுப் பலனுக்கு இரண்டு வாரம்வரை ஆகும், அதுவும் தினமும் அடித்தால்தான். எனக்கு ஐந்தாம் நாள் தும்மல் குறைந்தது. அடைப்பு விட்டு, இரவில் வாயை மூடித் தூங்க முடிந்தது பத்தாம் நாளுக்குப் பிறகுதான்.

ஸ்டீராய்டு என்றதும் உன் அண்ணி பயமுறுத்தியதாக எழுதியிருந்தாய். சொன்ன அளவில் அடித்தால் இந்த மருந்து ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. ஆனாலும் உனக்குக் கண் அழுத்தம் இருப்பதை டாக்டரிடம் அவசியம் சொல்.

ரத்தம் வந்த இடத்தை அவரிடமே காட்டு. புண் ஆறட்டும், அவர் சரி என்றதும் திரும்பத் தொடங்கு. தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவை. பதினைந்தாம் நாள் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
முருகேசன்