அடைத்த கழிப்பறைக்கு ஆசிட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், கழிப்பறை அடைத்துக்கொண்டால் ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றுங்கள், போகாவிட்டால் பிளீச்சிங் பவுடரையும் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து அடுத்த இதழிலேயே இதைத் திருத்திப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் கழிப்பறையில் அது ஆளையே சாய்த்துவிடும். சரி, ஆசிடை மட்டும் ஊற்றினால்? அது உப்புக்கறையையும் சுண்ணாம்புப் படிவையும் கரைக்கும், அவ்வளவுதான். அடைத்துக்கொண்டு நிற்கிற துணியையோ பிளாஸ்டிக்கையோ நாப்கினையோ ஒன்றும் செய்யாது.

நான் தக்கலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அடைப்பு என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆசிட்தான். நான் பதிலுக்குக் கேட்பது, ‘ஒரு குளோசெட் மட்டும் அடைத்திருக்கிறதா, வீட்டில் எல்லாமே மெதுவாகப் போகிறதா?’ என்று. ஒன்று மட்டும் என்றால் அடைப்பு அநேகமாக அந்தக் குளோசெட்டின் வளைவிலேயே இருக்கும். வெளியே போகும் குழாய் நாலு அங்குலம் என்றாலும், யூரோப்பியன் குளோசெட்டுக்குள் இருக்கும் பீங்கான் வளைவு அதைவிட நன்றாகக் குறுகியது. சிக்குகிற பொருள் முதலில் சிக்குவது அங்கேதான். கைப்பிடியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய பிளஞ்சர் வேலை செய்வதும் அங்கேதான்.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவிலிருந்து மகள் கைக்குழந்தையோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மாடி யூரோப்பியன் குளோசெட்டில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. கீழே உள்ள இந்தியன் குளோசெட்டில் ஒரு குறையும் இல்லை. காரணம் பிடிபட்டுவிட்டது. குழந்தையைத் துடைக்கும் ஈர வைப்ஸ். பாக்கெட்டில் ஃபிளஷ் செய்யலாம் என்று போட்டிருந்ததாம். பாக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும் அவை டாய்லெட் பேப்பர்போலத் தண்ணீரில் கரைந்து போவதில்லை. வளைவில் ஒன்று சிக்கினால் அடுத்தது அதைப் பிடித்துக்கொள்ளும், தலைமுடியும் சேர்ந்தால் கயிறாகவே திரிந்துவிடும்.

அவர் ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தார். அதுதான் பெரிய தொல்லை. ஆசிட் நிற்கிற குளோசெட்டில் பிளஞ்சர் அடித்தால் தெறித்து முகத்தில் விழும். தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிறதே என்பதால், ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, இறங்க இறங்க ஒவ்வொரு கப்பாகத் தண்ணீர் விட்டு ஆசிடை நீர்க்கச் செய்யச் சொன்னேன். மறுநாள்தான் பிளஞ்சர். பிளம்பரைக் கூப்பிடுகிறவர்களும் ஆசிட் ஊற்றியிருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கையை விடப் போவது அவர்தானே.

பிளஞ்சரில் கவனிக்க வேண்டியது, வாஷ்பேசினுக்கு உள்ளது வேறு, குளோசெட்டுக்கு உள்ளது வேறு என்பதை. தட்டையான ரப்பர் கிண்ணம் பேசினுக்கு. கிண்ணத்துக்குக் கீழே இன்னொரு ரப்பர் உதடு நீண்டிருப்பதுதான் யூரோப்பியன் குளோசெட்டின் ஓட்டைக்குள் உட்காரும். இந்தியன் குளோசெட்டுக்கு ஓட்டையை முழுக்க மூடும் அகலமான கிண்ணம் போதும்.

அடிக்கும் முன் சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடிவிடுங்கள். போகிறதா பார்ப்போம் என்று இன்னொரு தடவை ஃபிளஷ் அழுத்தாதீர்கள், தரையெல்லாம் ஓடும். கிண்ணம் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஊற்றுங்கள், விளிம்பு வரை நின்றால் கொஞ்சம் கோரி எடுங்கள். தண்ணீரை அழுத்தினால் அது நசுங்காது, அழுத்தம் அப்படியே அடைப்பில் போய் நிற்கும். காற்று என்றால் நசுங்கி வீணாகும். அதனால் கிண்ணத்தைச் சாய்த்து இறக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, முதல் அழுத்தலை மெதுவாகக் கொடுக்க வேண்டும். எடுத்தவுடன் ஓங்கிக் குத்தினால் முகத்தில்தான் வாங்குவீர்கள். அப்புறம் ஓட்டையை விட்டு எடுக்காமல், தள்ளுவதும் இழுப்பதுமாகப் பத்துப் பதினைந்து தடவை. எல்லோரும் தள்ளுவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள். சிக்கியிருக்கும் துணிக்கு இழுப்புதான் முக்கியம். வந்த வழியே திரும்பி வரட்டும், மேலும் உள்ளே போய் இறுக வேண்டாம்.

அந்த வீட்டில் நாலைந்து சுற்று அடித்தபின் வைப்ஸ் முனை ஓட்டையில் தெரிந்தது. கொக்கி வளைத்த கம்பியால் பிடித்து இழுத்தார்கள். ஒரு முழத்துக்குத் திரிதிரியாக வந்தது. வந்த பிறகும் ஃபிளஷ் அழுத்தாமல் ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றச் சொன்னேன், வழி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. நாலைந்து சுற்று அடித்தும் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சோப்பு டப்பா, குழந்தையின் பொம்மை மாதிரி கெட்டியான சாமானாக இருக்கலாம். அதற்கு ஸ்பிரிங் கம்பியோ, குளோசெட்டைக் கழற்றுவதோதான் வழி.

அதே வைப்ஸ் உள்ளே தள்ளப்பட்டுப் போயிருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் அது போய்ச் சேருமிடம் சொந்த முற்றத்திலுள்ள செப்டிக் டேங்க்தான். டேங்கில் கழிவு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் டி பைப் வழியாக அடுத்த அறைக்கும் உறிஞ்சு குழிக்கும் போக வேண்டும். படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைப்பவை நுண்ணுயிர்கள். நாப்கின், டயாப்பர், வைப்ஸ், ஆணுறை, மீன் செதில், பாத்திரம் தேய்த்த கதம்பை நார், இவற்றையெல்லாம் அவை அவ்வளவு சுலபத்தில் தொடாது. டயாப்பருக்குள் இருக்கும் தூள் தண்ணீரைக் குடித்து ஊதிப் பெருக்கும். மிதக்கிற சாமான் டி பைப்பின் வாயில் போய் அடைக்கும். பொரித்த எண்ணெயைக் கொட்டினால் மேலே மிதக்கும் பிசுக்கு தடித்துக்கொண்டே போகும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் அந்த நுண்ணுயிர்களுக்கே கேடு. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கிளீனர் போட்டுக் கழுவுவதால் ஒன்றும் ஆகாது.

வீட்டில் எல்லாமே மெதுவாகப் போகிறது, ஃபிளஷ் செய்தால் தரை ஓட்டையில் குடுகுடு என்று சத்தம் வருகிறது, கீழ்த்தளத்தில் தண்ணீர் மேலே ஏறுகிறது என்றால் பிளஞ்சரை எடுக்கவே வேண்டாம். டேங்குக்கு முன்னால் இருக்கும் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், நிரம்பி நின்றால் டேங்க் பக்கம். குனிந்து தலையை விடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எவ்வளவு அவசரமானாலும் கழிவை உறிஞ்சும் லாரிதான்.

ஆனால் ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், குளத்தையோ வயல் ஏலாவையோ ஒட்டிய வீடுகளில் லாரி வந்து உறிஞ்சிப் போன சில நாளிலேயே டேங்க் திரும்ப நிரம்பிவிடும். லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார்கள். நிலத்தடி நீர் மேலே ஏறி உறிஞ்சு குழியில் நிற்பதால் டேங்க் தண்ணீர் இறங்க இடமில்லை, விரிசல் இருந்தால் வெளித் தண்ணீர் உள்ளேயும் வரும். அந்த நாட்களில் துணி துவைக்கும் தண்ணீரையும் குளிக்கும் தண்ணீரையும் டேங்குக்கு விடாமல் தென்னை மூட்டுக்குத் திருப்பிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். பிளாஸ்டிக் டேங்க் புதைத்தவர்கள் அப்போது அதை முழுக்கக் காலி செய்யக் கூடாது. வெற்று டேங்கைச் சுற்றியிருக்கும் தண்ணீர் மேலே தூக்கிவிட்டால் குழாய் இணைப்பெல்லாம் முறியும். அதற்காக லாரியை மாசி, பங்குனியில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்