பையில் இருந்த இரண்டு துணிகள்

கொழிஞ்சாம்பாறை
செவ்வாய்க்கிழமை இரவு

அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் யார் பிரிப்பார்கள், யார் படிப்பார்கள் என்று தெரியாது. மெசேஜில் எழுதலாம் என்றால் அதுவும் அப்படித்தான்.

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற வேலை இருக்கும், தெரியும். அந்த ஆபீசில் கணக்கு முழுக்க உன் கையில் என்று இஸ்திரிக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை எடுத்து, "இருக்கேன்ப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போன வெள்ளிக்கிழமை வந்தது நான்கு வரி. கட்டிலுக்கு அடியில் பை இருக்கு. குர்தாவும் சுங்குடித் துப்பட்டாவும் இருக்கு. கறையை எடுத்து வைங்க, சாயம் போயிடக்கூடாது. அம்மாகிட்டக் காட்டாதீங்க.

சரி, எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று எழுதுகிறேன். இனி அங்கேயே தேவைப்பட்டால் உனக்கு உதவும். தேவைப்படக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில், தண்ணீர் படக்கூடாது. சூடும் படக்கூடாது. நீ சின்னதில் மாம்பழக் கறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறப்பாயே, அதை இதில் செய்யாதே. லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், கண்மை மூன்றும் எண்ணெயும் மெழுகும் கலந்த பசைக்குள் வண்ணப்பொடி உட்கார்ந்திருக்கிற சரக்கு. தண்ணீர் பசையைக் கரைக்காது. நனைந்த துணியை நீ கசக்கும்போது பொடி மட்டும் நகர்ந்து நூலுக்குள் இறங்கும். நம் கடைக் கரித்தூள் வெள்ளை வேட்டியில் பட்டால் நான் தட்டிவிடுவேன், ஊதுவேன், விரலால் தேய்க்க மாட்டேன். பார்த்திருக்கிறாய். அதேதான் இது. வெந்நீரும் வெயிலும் மெழுகை இளக்கி இன்னும் உள்ளே விடும். இஸ்திரி பட்டால் சொல்லவே வேண்டாம், அப்புறம் வருஷக் கணக்கில் அங்கேயே இருக்கும்.

துப்பட்டாவைப் பிரித்தேன். கண்மை ஒரு முனையில்தான் இருந்தது, ஆனால் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. எட்டாக மடித்துக் கண்ணில் ஒற்றினால் அப்படித்தான், ஒரு கறை எட்டுக் கறை ஆகும். ஈரம் பட்டிருந்ததால் ஓரமெல்லாம் சாம்பல் நிறமாக ஊறியிருந்தது. லிப்ஸ்டிக் கறை நடு ஓரத்தில், இரண்டு விரல் அகலம். வாயைத் துடைத்த கறை இழுத்த மாதிரி இருக்கும். இது இழுத்த மாதிரி இல்லை, புள்ளி புள்ளியாகப் பல் பதிந்திருந்தது. நாற்பது வருஷம் மற்றவர்கள் துணியை விரித்துப் பார்க்கிற கை இது அம்மிணி. நான் எதுவும் கேட்கவில்லை. கறையைத்தான் சொல்கிறேன்.

மையை எடுக்கிற முன்னால் துப்பட்டாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஃப்ரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் இருபது நிமிஷம் வைத்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். மெழுகு இறுகினதும் ஸ்பூன் விளிம்பால், மேலே தடித்து நின்றதை மட்டும் தூக்கி எடுத்தேன். சுரண்டவில்லை, தூக்கினேன். அப்புறம் செல்லோடேப்பை மெல்ல ஒட்டி ஒட்டி எடுத்தேன். பாதிக் கறுப்பு அதிலேயே வந்துவிட்டது. ஒரு துளி ஈரம் இல்லை பார்.

அடுத்தது சாயச் சோதனை. இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் வெளுத்துப்போய்க் கடைக்கு வருகிறது. மடித்துத் தைத்த ஓரத்தின் உள்பக்கம் ஒரு துளி சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு வெள்ளைத் துணியால் அழுத்தினேன். துணியில் நீலம் இறங்கியது. ஆக ஸ்பிரிட் துப்பட்டாவுக்கு ஆகாது. லிப்ஸ்டிக்கை நொடியில் இளக்கும், ஆனால் உன் சுங்குடி நீலத்தையும் சேர்த்து இளக்கி வெள்ளைப் புள்ளியெல்லாம் கலங்கிப் போயிருக்கும். பாத்திரம் கழுவுகிற லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் இன்னொரு இடத்தில் வைத்து பத்து நிமிஷம் விட்டேன். நிறம் இறங்கவில்லை. அதை வைத்தே செய்தேன்.

கறை இருக்கிற பக்கம் கீழே இருக்க வேண்டும், அடியில் நான்காக மடித்த வெள்ளைத் துண்டு. பின்பக்கத்திலிருந்து லிக்விடை ஒரு சொட்டு, தண்ணீர் கலக்காமல் விடு. மெல்லிய டூத் பிரஷ்ஷால் தட்டு. தேய்க்காதே, தட்டு. கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வா. நடுவிலிருந்து ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வந்த வழியே திரும்பிப் போகட்டும் என்பதற்குத்தான் பின்பக்கம். அடித் துண்டில் கறுப்பு இறங்கினதும் துண்டை நகர்த்தி சுத்தமான இடத்தை வை. நகர்த்தாமல் தட்டினால் இறங்கினதே மறுபடி ஏறும். பத்து நிமிஷம் ஊறவிட்டு, பின்பக்கம் மெல்லக் குழாய்த் தண்ணீர் விடு. தண்ணீருக்கு இப்போதுதான் இடம். எட்டுக் கறைக்கும் தனித்தனியாக, மூன்று தடவை செய்தேன்.

உன் பாட்டி விளக்கெண்ணெய் விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து நெய் விட்டுக் குழைத்துத் தந்த மை இரண்டாவது தடவையிலேயே போய்விடும். நீ போடுகிற பென்சில் மை அழுகையில் கலையாது என்று சொல்லி விற்பது, லேசில் விடவில்லை. கடைசி இரண்டு இடத்துக்குத் தேங்காய் எண்ணெயைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, மைக்கு மேலே மட்டும் வைத்து ஐந்து நிமிஷம் விட்டேன். அப்புறம் எண்ணெயே கறையாகாமல் லிக்விடால் இரண்டு தடவை எடுத்தேன்.

லிப்ஸ்டிக்கின் மெழுகு போய்விட்டது. இளஞ்சிவப்பாக ஒரு நிழல் நிற்கிறது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நீலமும் போகும். நான் நிறுத்திவிட்டேன். தோளில் போட்டால் தெரியாது. நீயும் பிளீச்சைத் தொடாதே. இந்தப் பொடியில் பாதி இரும்புத் துரு மாதிரி, இல்லாவிட்டால் கரி. பிளீச் இரண்டையும் ஒன்றும் செய்யாது, துணியின் சாயத்தைத்தான் தின்னும்.

இப்போது காலர்.

நீ முகத்துக்குப் பவுடர் தவிர எதுவும் பூசுகிறவள் இல்லை. கல்யாணத்தன்றே அந்தப் பெண் முகத்தில் பூச வந்தபோது எனக்கு வேண்டாம் என்று சொன்னவள். க்ரீம் நிறக் குர்தாவின் காலரில் உள்பக்கம், இடது காதுக்குக் கீழே மட்டும் ஃபவுண்டேஷன். வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. முகத்துக்குப் போட்டது கழுத்தில் வழிந்தால் இரண்டு பக்கமும் படும். ஒரு நாள் கறையும் இல்லை இது. காய்ந்து வெடித்த பூச்சுக்கு மேலே இன்னொரு பூச்சு, அதற்கு மேலே புதிது. மூன்று நாளாவது இருக்கும்.

குர்தாவில் ஸ்பிரிட் சோதனைக்குச் சாயம் இறங்கவில்லை. கரிப்பெட்டியைக் கடைக்கு வெளியே தள்ளி வைத்தேன், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். நீ அடுப்படியில் வைத்துச் செய்யாதே. காய்ந்த பொருக்கை ஸ்பூனால் எடுத்துவிட்டு, காலரைக் குப்புறப் போட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினேன். நாள் முழுக்க நிற்கிற ஃபவுண்டேஷன் ரப்பர் தோல் மாதிரி நூலைப் பிடித்திருக்கும், ஸ்பிரிட் அந்தத் தோலைத்தான் இளக்கும். அடித் துணியில் தவிட்டு நிறம் வந்தது. ஏழு இடம் மாற்றினேன். பிறகு லிக்விட் ஒரு சொட்டு, கால் மணி நேரம், அலசு. காலருக்குள் கெட்டித்துணி வைத்துத் தைத்திருப்பதால் அதற்குள் தங்கும், ஒரு தடவையில் விட்டதாக நினைக்காதே. நனைந்திருக்கும்போது கறையே இல்லாத மாதிரி ஏமாற்றும். நிழலில் காயவிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். மஞ்சளாக வளையம் தெரிந்தால் மறுபடி லிக்விட். வளையம் தெரிகிற வரைக்கும் இஸ்திரி கிடையாது. எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளும் எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரையில் நீ தனியாக வந்தாயே. கடை வாசலில் நின்று, "அப்பா, கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டா" என்று கேட்டாய். நான் இஸ்திரிப் பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளை என்ன நினைப்பார், ஊர் என்ன சொல்லும் என்று சொன்னேன். உன் முகத்தைப் பார்க்காமல் வேட்டி மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாயங்காலம் நானே வேலந்தாவளம் வழிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இழுத்துக்கொண்டாய். காற்றுக்கு என்று நினைத்தேன். மேட மாசத்து வெயிலில் என்ன காற்று. துணியில் இவ்வளவு பார்க்கிறவன் அன்றைக்கு உன்னைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. அம்மாவுக்கு அதில் பங்கில்லை, நீ வந்து கேட்டதையே நான் அவளிடம் சொல்லவில்லை.

அம்மா துணியைப் பார்த்துவிட்டாள். நான் காட்டவில்லை, கொடியில் காயும்போது பார்த்தாள். காலரை ஒரு தடவை விரலால் தடவினாள். எதுவும் கேட்கவில்லை. ராத்திரி உன் அறையைக் கூட்டி, கொசுவலையைத் துவைத்துக் கட்டியிருக்கிறாள்.

குர்தாவும் துப்பட்டாவும் இங்கேயே இருக்கட்டும், தைத்த ஓரத்தை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், ஒன்பது மணிக்குள் உக்கடத்தில் இறங்கிவிடுவேன். வீட்டுக்கு வரட்டுமா, பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கட்டுமா என்று மட்டும் சொல். பெரிய பை ஒன்றும் கொண்டுவருகிறேன்.

அப்பா