செயலாளர் ஆண்டறிக்கை: எண் ஒன்று, இடம் வேறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிஷன் பிரிவுத் தோழர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் அறையில் இருக்கும் பழைய 30 சேனல் பி.சி.எம். மக்ஸ் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. மின்வழங்கியில் மின்விசிறி மாற்றியதைத் தவிர வேறு செலவில்லை. இந்த அறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, நமக்கு ஓர் ஆண்டில் இரண்டு தடவை வந்த ஒரே தலைவலியைப் பற்றி.

முதல் தடவை நம் அறையிலேயே வந்தது. இளைஞர்களுக்கு டூ எம்பி பிரேமைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஒரு பிரேம் 125 மைக்ரோ வினாடி. அதில் எட்டு பிட் கொண்ட 32 இடங்கள். வினாடிக்கு 8000 பிரேம். பெருக்கினால் 2048 கிலோபிட். இதுவரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. 0ஆம் இடம் பிரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. ஒன்று விட்டு ஒரு பிரேமில் 0011011 என்ற அடையாளம் அதில் வரும். 16ஆம் இடம் சிக்னலிங்குக்கு. மீதி முப்பதும் பேச்சுக்கு.

அடுத்து ஒரு தம்பி 16ஆம் சேனலைச் சோதிக்க டெஸ்டரில் 16ஆம் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், பேச்சே வரல, கரகரன்னு ஏதோ வருது" என்றார். வராதுதான். 16ஆம் இடத்தைச் சிக்னலிங் எடுத்துக்கொண்டதால் 16ஆம் சேனல் 17ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. 30ஆம் சேனல் 31ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 15 வரை சேனல் எண்ணும் இட எண்ணும் ஒன்று. அதனால்தான் முதல் பதினைந்தைச் சோதித்தவருக்குச் சந்தேகமே வராது. சரி, இது சின்ன விஷயம், சிரித்துவிட்டு டீ குடித்தோம்.

இரண்டாம் தடவை சிரிக்க முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் நம் முன்னாள் மாணவர் ஒருவர் அழைத்தார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் எஸ்.டி.எச். ஓடுகிறது (இடத்தின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்). இரண்டு நிலையங்களுக்கு இடையே ஓர் எஸ்.டி.எம்.-1 இணைப்பு. ஒரு முனையில் பெட்டி செத்துப்போக, வேறு தயாரிப்பில் ஒரு பழைய பெட்டியை வாங்கி வைத்தார்கள். பழையபடியே 1 முதல் 7 வரை ஏழு டூ எம்பிக்கு இணைப்புக் கொடுத்தார்கள். 1 உடனே வந்தது. 2 வரவில்லை, 3 வரவில்லை. கார்டை மாற்றினார்கள், டேக் பிளாக்கில் கம்பியை மறுபடி அடித்தார்கள், இழையின் முனைகளைத் துடைத்தார்கள். ஒரு வாரம் போயிற்று.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தொலைபேசியை வாங்கி, லைனில் பிழை எண்ணிக்கை கேட்டார். பூஜ்யம். அப்படியானால் இழை குற்றவாளி இல்லை. பக்கத்து முனையில் லூப் போட்டால் டெஸ்டர் சுத்தமாகக் காட்டுகிறது. எதிர் முனையில் போட்டால் லூப் திரும்பவில்லை. அப்புறம் ஒரே கேள்வி: "எது எது ஓடுது, எண்ணைச் சொல்லுப்பா." "1, 4, 7 ஓடுது சார்." "போதும். மூணு மூணா தாண்டுதா? இது கார்டு இல்ல, கணக்கு."

கணக்கு இதுதான். எஸ்.டி.எம்.-1க்குள் 63 டூ எம்பி போகும். அவை ஒரே வரிசையாக நிற்கவில்லை, மூன்று படிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன: பெரிய கூடை மூன்று, ஒவ்வொன்றிலும் சின்னக் கூடை ஏழு, ஒவ்வொன்றிலும் பொட்டலம் மூன்று. பெரிய கூடையின் எண் K, சின்னக் கூடை L, பொட்டலம் M. இழையில் உண்மையாகப் போவது இந்த மூன்று எண்ணால் ஆன முகவரி. 1 முதல் 63 வரை என்பது அந்தந்தப் பெட்டி திரையில் நமக்காக வைக்கும் பெயர் மட்டுமே. பெயர் வைக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு:

```
n = K + 3(L-1) + 21(M-1)
n = M + 3(L-1) + 21(K-1)
```

மறு முனையில் ஏற்கெனவே இருந்த பெட்டி ஒரு வழியில் எண்ணியது, புதிதாக வந்தது மற்றதில். முதல் வழியில் 2 என்றால் K=2, L=1, M=1. அதே முகவரியை இரண்டாம் வழியில் போட்டுப் பாருங்கள், 22 வரும். 3 போனால் 43, 5 போனால் 25. K-யும் M-மும் சமமாக இருக்கும் 21 எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றே. 1, 4, 7 அந்தக் கூட்டம். பாவம், அவர்கள் முதலில் சோதித்தது 1. அது வந்ததால் "இணைப்பு நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவோடு கார்டைத் தேடிப் போய்விட்டார்கள்.

உறுதிப்படுத்தவும் வழி இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் J2 என்ற பைட்டில் ஒரு சிறு பெயர்ச்சீட்டு போகும். இந்த முனையில் 2ஆம் எண்ணுக்கு ஒரு பெயர் எழுதச் சொன்னோம். அந்த முனையில் 22ஐ ஒரு காலிப் போர்ட்டுக்கு இணைத்துப் பார்க்கச் சொன்னோம். எழுதிய பெயர் அப்படியே வந்தது. அந்த முனையின் 2ல் இருந்தது LP-UNEQ, அதாவது எதிரே யாரும் எதையும் வைக்காத இடம். அந்த அலாரத்தை முதல் நாளே படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

இதில் எனக்கு அதிக பயம் தந்தது வேறொன்று. இந்த மாற்றம் இருபக்கமும் ஒத்தது: 2 போய் 22ல் உட்கார்ந்தால், 22 வந்து 2ல் உட்காரும். 63 இடமும் நிரம்பிய இணைப்பாக இருந்திருந்தால் காலி இடமே இருக்காது, LP-UNEQ வராது. எஸ்.டி.எச். டூ எம்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பிட் பிட்டாகச் சுமந்து போகிற சாதாரண முறையில், அதற்கு எல்லாம் நலம். டூ எம்பிக்குள்ளே 0011011 சரியாக வருவதால் பி.சி.எம். மக்ஸும் வாயைத் திறக்காது. எல்லா விளக்கும் பச்சையாக இருக்க, ஒருவரை அழைத்தால் வேறொருவர் எடுப்பார். பெயர்ச்சீட்டை எழுதி, பொருந்தாவிட்டால் கத்து என்று பெட்டியிடம் சொல்லி வைத்திருந்தால்தான் இது பிடிபடும். பலரும் அதைத் தயாரிப்பாளர் வைத்த காலிச் சீட்டாகவே விட்டுவிடுகிறார்கள். நானும் வேலையில் இருந்தபோது அப்படித்தான் விட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

வந்த பெட்டியில் எண்ணும் முறையை மாற்றும் வசதி இல்லை. ஆகவே எதிர் முனையில் K, L, M பார்த்து இணைப்புகளை மாற்றிக் கொடுத்தார்கள். 63 வரிகளில் இரண்டு எண்களையும் எழுதிய அட்டவணையை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். அதன் நகல் நம் அறையிலும் இருக்கிறது. கையெழுத்து மூத்த உறுப்பினருடையது, 43க்கு எதிரே ஒரு டீக் கறையும் உண்டு.

வரும் ஆண்டில் நம்மிடம் உள்ள பி.சி.எம். மக்ஸ்களுக்கு நடுவே வைக்க இரண்டு எஸ்.டி.எச். பெட்டிகள் தேடுகிறோம். ஒரே தயாரிப்பாக வேண்டாம், வேறு வேறாகவே இருக்கட்டும் என்பது செயற்குழுவின் முடிவு. வாங்குவதற்கான தொகை பொருளாளர் அறிக்கையில் தனித் தலைப்பில் உள்ளது. பேரவை ஒப்புதல் தர வேண்டும். 16ஆம் சேனலைத் தேடிய தம்பி பராமரிப்புப் பொறுப்பை ஏற்க முன்வந்திருக்கிறார் என்பதையும் தெரிவித்து, இவ்வறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயலாளர்