கக்கிய சொட்டுக்கு மறு சொட்டு உண்டா?

டல்லாஸ், டெக்சாஸ்
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள மைனிக்கு,

போனில் பேசினால் அம்மை இடையில் புகுந்துவிடுகிறாள், அண்ணன் சிக்னல் போச்சு என்கிறான், குட்டி அழுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: புதன்கிழமை சொட்டு மருந்து விட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது குட்டன் பாலைக் கக்கிவிட்டான், திரும்பப் போய் விட வேண்டுமா? நான் அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்லவில்லை. அதே கேள்வியில் இரண்டு வாரமாக நானும் கிடந்து உழன்றுகொண்டிருந்தேன் என்பதுதான் காரணம்.

இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. நம்ம ஊர்ச் சாரலை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, அதற்கே நாம் போர்வை தேடுவோம். குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்த அன்று அவளை மூன்று சட்டைக்குள் திணித்து, கார் இருக்கையில் பெல்ட் மாட்டிக் கொண்டுபோனேன். காரில் வைத்தே வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டேன். ஊசிக்கு அழாமல் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு. சொட்டு மருந்துக்கு முன்னால் பால் கொடுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனால் முட்ட முட்டக் கொடுத்தது என் முட்டாள்தனம்.

உள்ளே வெள்ளைத் தாள் விரித்த மேசையில் குட்டியைத் துணியில்லாமல் கிடத்தி எடை பார்த்தார்கள். அப்புறம் நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தாள். விரல் நீளம்கூட இல்லை. உள்ளே வெளிர்மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி 2 மில்லி மருந்து. மூடியை முதலில் இறுக்கித் திருகினாள், அதில் முனை ஓட்டை விழுகிறது. பிறகு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றினாள். குட்டியை என் மடியில் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, குழாயைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெல்ல மெல்லப் பிழிந்தாள். தொண்டைக்கு நேராக விட்டால் பிள்ளை ஓங்கரிக்கும், அதனால்தான் கன்னம். இது ரோட்டா மருந்து, பிள்ளைகளுக்கு வருகிற கடும் வயிற்றுப்போக்குக்கானது. ஊசிகளுக்கு முன்னாலேயே இதைக் கொடுத்துவிடுவார்கள். ஊசி போட்டு அழுகிற வாயில் எதைக் கொடுத்தாலும் வெளியேதான் வரும்.

குட்டி சப்பினாள், விழுங்கினாள், முகத்தைச் சுளித்தாள். எண்ணி ஒரு நிமிடம் இருக்காது, நம்ம அம்மை சொல்வாளே சர்த்தி, அதுவேதான், என் தோளில் கொடகொடவென்று வந்தது. பாலும் மஞ்சள் தண்ணீரும் கலந்து. பாதி மருந்தாவது போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் நர்ஸைப் பார்த்தேன், அவள் டிஷ்யூ பேப்பரைத்தான் எடுத்தாள், இன்னொரு குழாயை எடுக்கவில்லை. மறுபடி கொடுப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, நாலாவது மாதம் அடுத்த தவணைக்கு வாருங்கள் என்றாள். இதைத்தான் அன்றிரவு வீடியோவில் சொல்லப்போய் அம்மையிடம் மாட்டிக்கொண்டேன். 'நீ கைப்பிள்ளையாக இருக்கும்போது போலியோ சொட்டைத் துப்பினாய், சிஸ்டர் நின்ன நிலையில் திரும்ப விட்டாங்க. அமெரிக்காவில அதுகூடத் தெரியாதா' என்று ஒரே பிடி.

அம்மை சொன்னதிலும் தப்பில்லை, இந்த நர்ஸ் செய்ததிலும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு மருந்து, விதியும் வேறு. நாம்தான் 'சொட்டு மருந்து' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

முதலில் போலியோ. ஒரு தவணை என்பது இரண்டே சொட்டு, கிட்டத்தட்ட 0.1 மில்லி. அவ்வளவு சின்ன அளவில் பிள்ளை நாக்கால் தள்ளிவிட்டால் மொத்தமும் போனதாகவே அர்த்தம். அதனால் விட்ட ஐந்து பத்து நிமிடத்துக்குள் துப்பினாலோ நன்றாகக் கக்கினாலோ அங்கேயே, அப்போதே இன்னொரு முறை இரண்டு சொட்டு விடுவார்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு நாள் விட வேண்டும். கூடுதலாக இரண்டு சொட்டு உள்ளே போய்விட்டதே என்று பயப்பட ஒன்றுமில்லை. போலியோ முகாம் நாளில் அட்டைப்படி எல்லாத் தவணையும் முடித்த பிள்ளைக்கும் மறுபடி விட்டு, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புகிறார்களே, அதே மருந்துதான். (இங்கே இந்தக் கேள்வியே எழாது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் போலியோவுக்குச் சொட்டு கிடையாது, ஊசி மட்டும். கன்னத்தை அமுக்கி மீன் வாய் மாதிரித் திறந்து சொட்டு விடுகிற காட்சியை இந்த நர்ஸ் பார்த்தே இருக்க மாட்டாள்.)

ரோட்டா விஷயத்தில் கதை மாறுகிறது. இங்கே டாக்டர்கள் பின்பற்றுகிற தேசிய வழிகாட்டுதல் ஒரே வரிதான்: கொடுக்கும்போதோ கொடுத்த பிறகோ பிள்ளை துப்பினாலும் கக்கினாலும் மறுபடி கொடுக்காதே, மீதித் தவணைகளை நாள் தவறாமல் கொடு. விஷமாகிவிடும் என்பதால் இல்லை. திரும்பக் கொடுப்பதால் என்ன நன்மை, என்ன கெடுதல் என்று ஆய்வு இல்லை, அதனால் கொடுக்காமல் விடுகிறார்கள். எனக்கு முதலில் இது மழுப்பலாகத்தான் பட்டது. ஆனால் மருந்து வேலை செய்கிற விதத்தை டாக்டர் சொன்னபோது கொஞ்சம் அடங்கினேன். உள்ளே இருப்பது வலு குறைத்த உயிருள்ள கிருமி. குடலுக்குப் போய், அங்கே பெருகி, அதைப் பார்த்துத்தான் உடம்பு எதிர்ப்பைப் பழகுகிறது. இறங்கிய கொஞ்சமும் பெருக வாய்ப்பு உண்டு. அதோடு ஒரு தவணையை நம்பி யாரும் நிற்கவில்லை, குட்டிக்கு 2, 4, 6 மாதம் என்று மூன்று தவணை. கக்கிய தவணையும் கொடுத்ததாகவே அட்டையில் ஏறும்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. நம்ம பக்கத்து வீட்டு அக்கா மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாளே, அவளிடம் சொன்னேன். 'நாங்க ஒரு தடவை திரும்பக் கொடுப்போமே' என்கிறாள்! அங்கே வேறு கம்பெனி மருந்து, 1.5 மில்லி. பெரும்பகுதியைத் துப்பிவிட்டால் அதே வருகையில் ஒரே ஒரு முறை மாற்றுத் தவணை கொடுக்கலாம் என்று அவர்கள் கையேட்டில் இருக்கிறதாம். கொடுக்கலாம் என்றுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. நம்ம நாட்டில் செய்கிற ஐந்து சொட்டு ரோட்டா மருந்தோடு வருகிற தாளிலும் அதே மாதிரிதான்: பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் அதே வருகையில் ஒரு மாற்றுத் தவணை, மற்றவை வழக்கப்படி. ஆக ஊருக்கு ஊர் மாறுவது அந்த ஒரே ஒரு மாற்றுத் தவணை உண்டா இல்லையா என்பதுதான். வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்து கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இனி குட்டன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறு வாரம் முடிந்து புதன்கிழமை போனீர்கள். முதலில் போலியோ இரண்டு சொட்டு, பிறகு ரோட்டா ஐந்து சொட்டு, அப்புறம் ஊசிகள். ஊசி முடிந்து அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தீர்கள், பால் கொடுத்தீர்கள். பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு கக்கினான். வந்தது வெள்ளையாகத் திரிந்த பால், தயிர்த் துணுக்கு மாதிரி என்றீர்கள். அது இடையில் குடித்த பால். சொட்டு உள்ளே போய் அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. போலியோவுக்கு அந்தப் பத்து நிமிடம் எப்போதோ கழிந்துவிட்டது. ரோட்டாவுக்கு அந்த வருகையே முடிந்துவிட்டது. ஆகவே திரும்பப் போக வேண்டாம், இரண்டும் கணக்கில் உண்டு. பத்தாவது வாரத்துப் புதன்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு ஒன்று செய்யுங்கள். சொட்டு விட்டதும் உடனே பாலுக்கு அணைக்காமல், தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பத்து நிமிடம் அங்கேயே இருங்கள். கடைவாயில் கொஞ்சம் எச்சில் வழிவதைக் கக்கினதாக எண்ண வேண்டாம். வாயிலிருந்து சொட்டு அப்படியே வெளியே வந்தாலோ, வயிற்றிலிருந்து குமட்டி வந்தாலோ, துடைப்பதற்கு முன்னால் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எவ்வளவு போனது என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும். வீட்டுக்கு வந்து துணியைக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் திரும்ப விட்டால் விடட்டும், ரோட்டாவை விடவில்லை என்றால் சண்டை பிடிக்காதீர்கள்.

அம்மை கக்கலை நிறுத்த வசம்பு உரைக்கப் பார்ப்பாள். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திட்டு எனக்கு விழட்டும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அலட்சியம் கூடாது. ரோட்டா விட்ட பிறகு, முக்கியமாக முதல் வாரத்தில், பிள்ளை விட்டுவிட்டு வீரிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்கினாலோ, பச்சையாகக் கக்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, புதன்கிழமைக்குக் காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்வது அது. மிக மிக அபூர்வம், ஆனால் தாமதித்தால் ஆபத்து. சாதாரணப் பால் கக்கலுக்கு இந்த அடையாளம் ஒன்றும் இருக்காது, கக்கிவிட்டுச் சிரிப்பான். அப்புறம், மருந்துக் கிருமி சில நாள் மலத்தில் போகும் என்பதால் துணி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குட்டி இப்போது நாலு மாதத் தவணைக்குக் காத்திருக்கிறாள். இந்த முறை காரில் பால் கிடையாது, ஊசி முடிந்த பிறகுதான். ஆறு மாதம் ஆனதும் ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுக்க ஆசை. இங்கே கிடைக்கிற காயில் அந்த மணம் இல்லை. அம்மையிடம் சொல்லி வெயில் நன்றாக அடிக்கிற நாளில் கொஞ்சம் சீவி உலர்த்தி வைக்கச் சொல்லுங்கள், வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம். குட்டனுடைய தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஆறாவது வாரக் கட்டத்தில் போலியோவும் ரோட்டாவும் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்