ஆறு கட்டம் நிரம்பினால் போதுமா? செயலாய்வு வகுப்பெடுக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு வார இறுதியில் செயலாய்வுப் பாடம் எடுக்கிறீர்கள். நீங்கள் அவர்களிடம் கொடுத்திருக்கும் விடை வழிகாட்டியைப் பற்றித்தான் இந்த மடல். எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்று பார்க்கும் போக்குவரத்துக் கணக்கின் தொடக்கத் தீர்வைச் சரிபார்க்க அதில் மூன்று கேள்விகள் உள்ளன. மொத்த வழங்கலும் மொத்தத் தேவையும் சமமா? ஒவ்வொரு நிரையும் நிரலும் தன் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா? நிரைகள் m, நிரல்கள் n என்றால், நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கை m + n − 1 தானா? மூன்றும் வேண்டியவைதான். ஆனால் இந்த மூன்றிலும் தேறிவிட்டு, அடுத்த படியில் நகர முடியாமல் நிற்கும் தீர்வுகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவற்றுக்கு முழு மதிப்பெண் போட்ட தாள்களை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை. ஒரு அரிசி வணிகருக்கு ஜூரோங், உட்லண்ட்ஸ், சாங்கி என மூன்று கிடங்குகள். தேக்கா, ஈசூன், தெம்பனிஸ், பொங்கோல் என நான்கு கடைகள். ஒரு மூட்டையை அனுப்ப ஆகும் செலவு வெள்ளிக் கணக்கில் இது:

| | தேக்கா | ஈசூன் | தெம்பனிஸ் | பொங்கோல் | இருப்பு |
|---|---|---|---|---|---|
| ஜூரோங் | 4 | 5 | 7 | 7 | 50 |
| உட்லண்ட்ஸ் | 6 | 3 | 6 | 4 | 45 |
| சாங்கி | 5 | 6 | 2 | 3 | 25 |
| தேவை | 30 | 20 | 40 | 30 | 120 |

கிடங்குகளில் 120 மூட்டை, கடைகளுக்கும் 120 மூட்டை. சமநிலை இருக்கிறது. இது இல்லாவிட்டால் மேலே போகவே கூடாது. சாங்கியில் 25க்குப் பதில் 35 இருந்தால் 10 மூட்டை மிஞ்சும். அதை ஏற்க, செலவே இல்லாத போலிக் கடை ஒன்றை நிரலாகச் சேர்க்க வேண்டும். இதை எல்லோரும் சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்தபின் n இன் மதிப்பு 5 ஆகிறது, தேவைப்படும் கட்டங்கள் ஆறல்ல, ஏழு என்பதைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள்.

இப்போது வடமேற்கு மூலையிலிருந்து, அதாவது அட்டவணையின் மேல் இடது கட்டத்திலிருந்து நிரப்புவோம். ஜூரோங்கிலிருந்து தேக்காவுக்கு 30, மீதி 20 ஈசூனுக்கு. இங்கே கவனியுங்கள்: ஜூரோங்கின் இருப்பும் ஈசூனின் தேவையும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிட்டன. அடுத்து உட்லண்ட்ஸிலிருந்து தெம்பனிஸுக்கு 40, பொங்கோலுக்கு 5. கடைசியாகச் சாங்கியிலிருந்து பொங்கோலுக்கு 25. செலவு 555 வெள்ளி. எல்லா நிரையும் நிரலும் சரியாகக் கூடுகின்றன. ஆனால் நிரம்பியவை ஐந்து கட்டங்கள். வேண்டியவை 3 + 4 − 1, அதாவது ஆறு.

மூன்று நிரைக்கும் நான்கு நிரலுக்கும் ஒவ்வொன்றாக ஏழு சமன்பாடுகள் இருக்க ஏன் ஆறு என்று மாணவர்கள் கேட்பார்கள். நிரைகளின் மொத்தமும் நிரல்களின் மொத்தமும் ஒன்றே என்பதால், ஆறு சமன்பாடுகள் சரியாக இருந்தால் ஏழாவது தானாகவே சரியாகிவிடும். ஆகவே தனித்து நிற்பவை ஆறுதான். ஐந்தே கட்டம் நிரம்பியிருந்தால் அது சிதைந்த தீர்வு. அரிசி ஒழுங்காகப் போய்ச்சேரும். நிரைக்கு u, நிரலுக்கு v என்று வைத்து, நிரம்பிய ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டும் கூடினால் அதன் செலவு வரும்படி மதிப்புக் காணும் அடுத்த படியைச் செய்யத்தான் முடியாது. நம் கணக்கில் ஜூரோங்கும் தேக்காவும் ஈசூனும் ஒரு தீவு. உட்லண்ட்ஸும் சாங்கியும் தெம்பனிஸும் பொங்கோலும் இன்னொரு தீவு. ஜூரோங்குக்கு u = 0 என்று தொடங்கினால் தேக்காவின் v 4, ஈசூனின் v 5 என்று கிடைக்கும். அதோடு நின்றுவிடும். மறு தீவுக்குப் போகப் பாலம் இல்லை.

இங்கேதான் உங்கள் வழிகாட்டியின் ஒரு வரி ஆளைக் குழியில் தள்ளுகிறது. “எண்ணிக்கை குறைந்தால், காலியாக உள்ளவற்றில் மிகக் குறைந்த செலவுள்ள கட்டத்தில் ஒரு பூஜ்யத்தை இடுக” என்று எழுதியிருக்கிறீர்கள். காலிக் கட்டங்கள் ஏழு. மிகக் குறைந்த செலவு சாங்கி–தெம்பனிஸ், 2 வெள்ளி. மாணவர் அங்கே பூஜ்யத்தை இடுகிறார். எண்ணினால் ஆறு. திருத்துபவரும் ஆறு என்று எண்ணிச் சரி போடுகிறார்.

அந்த ஏழில் பூஜ்யத்துக்கு ஆகாத கட்டம் ஒன்றே ஒன்றுதான். அது இதுதான். உட்லண்ட்ஸ்–தெம்பனிஸ், உட்லண்ட்ஸ்–பொங்கோல், சாங்கி–பொங்கோல் மூன்றும் ஏற்கெனவே நிரம்பியவை. நான்காவதாகச் சாங்கி–தெம்பனிஸைச் சேர்த்தால் ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. பாலம் கட்டவேண்டிய பூஜ்யம், இரண்டாம் தீவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மாணவருக்கு இது எப்படித் தெரியவரும்? உட்லண்ட்ஸின் u என்னவாக இருந்தாலும், மற்ற மூன்று கட்டங்களின்படி சாங்கியின் u, தெம்பனிஸின் v இரண்டும் கூடினால் 5 வரும். பூஜ்யமிட்ட கட்டமோ 2 வரவேண்டும் என்கிறது. ஒரு பக்கம் முரண்பாடு, மறுபக்கம் ஜூரோங்கோடு இன்னும் தொடர்பே இல்லை. கூட்டலில் பிழை என்று நினைத்து மாணவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். தேர்வு மண்டபத்தில் கால் மணி நேரம் போய்விடும்.

மற்ற ஆறு கட்டங்களில் எதில் பூஜ்யத்தை இட்டாலும் இரு தீவுகளும் இணையும். செலவு குறைந்ததில் இடுவது வெறும் வசதி. வளையம் உண்டாகக் கூடாது என்பது கட்டாயம். வழிகாட்டியில் வசதி மட்டும் இருக்கிறது, கட்டாயம் விடுபட்டிருக்கிறது.

உண்மையில் பூஜ்யத்துக்கு இடம் தேடி அலையவே தேவையில்லை. ஜூரோங்கும் ஈசூனும் ஒன்றாகத் தீர்ந்த அந்த நொடியில் இரண்டையும் அடித்துவிடாமல், ஒன்றை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஜூரோங் நிரையை அடித்தால், ஈசூன் நிரல் 0 தேவையோடு உயிரோடு இருக்கும். அடுத்த வடமேற்கு மூலை உட்லண்ட்ஸ்–ஈசூன். அங்கே 0 எழுதிவிட்டு நிரலை அடித்துத் தொடரலாம். மாறாக ஈசூனை அடித்திருந்தால் பூஜ்யம் ஜூரோங்–தெம்பனிஸில் வந்து உட்காரும். இரண்டுமே நல்ல இடங்கள். குறைந்த செலவு முறைக்கும் வோகல் முறைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்: ஒரு படிக்கு ஒரு கோடுதான் அடிக்க வேண்டும், கடைசிக் கட்டத்தில் மட்டுமே நிரையும் நிரலும் சேர்ந்து முடியலாம். அப்படிச் செய்தால் எண்ணிக்கை தானாகவே ஆறு வரும், வளையமும் வராது. பூஜ்யத்தை வட்டமிட்டு எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்கு எடுத்தெழுதும்போது அதைக் காலிக் கட்டம் என்று விட்டுவிடுவார்கள்.

உட்லண்ட்ஸ்–ஈசூனில் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு போனால் கணக்கு எவ்வளவு சுலபமாக ஓடுகிறது பாருங்கள். u, v எல்லாம் கிடைத்துவிடும். சாங்கி–தெம்பனிஸில் மூட்டைக்கு 3 வெள்ளி மிச்சம் என்று தெரியும். அங்கே 25 மூட்டையை நகர்த்தினால் செலவு 480. அடுத்து ஜூரோங்–தெம்பனிஸில் மூட்டைக்கு 1 வெள்ளி வீதம் 15 மூட்டை, செலவு 465. அதற்குமேல் குறையாது. பூஜ்யத்துக்கு ஆகாத அதே சாங்கி–தெம்பனிஸ் கட்டம்தான் முதல் திருத்தத்தில் உள்ளே வருகிறது என்பது ஒரு வேடிக்கை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பூஜ்யமே இல்லாமலும் இந்தச் சிக்கல் வரும். கொஞ்சம் கெட்டிக்கார மாணவர், விதி எதையும் பின்பற்றாமல் “கண்ணுக்கு நல்லதாக” நிரப்புகிறார் என்று வையுங்கள்: ஜூரோங்கிலிருந்து தேக்காவுக்கு 30, ஈசூனுக்கு 20, உட்லண்ட்ஸிலிருந்து தெம்பனிஸுக்கு 20, பொங்கோலுக்கு 25, சாங்கியிலிருந்து தெம்பனிஸுக்கு 20, பொங்கோலுக்கு 5. கூட்டிப் பாருங்கள், எல்லாம் சரி. நிரம்பியவை ஆறு, ஆறும் பூஜ்யத்துக்கு மேல். செலவோ 495, வடமேற்கு மூலையைவிட 60 வெள்ளி குறைவு. வழிகாட்டியின் மூன்று கேள்விகளிலும் தேறிவிடும். ஆனாலும் இது அடிப்படைத் தீர்வு அல்ல; அதே நான்கு கட்ட வளையம் உள்ளே இருக்கிறது. மூட்டைகளை அந்த வளையத்தில் சுற்றி 5 நகர்த்தினால் சாங்கி–பொங்கோல் காலியாகி, செலவு 480 ஆகிவிடும். அப்போதுதான் உண்மையில் ஐந்து கட்டங்களே இருந்தன என்பது வெளியே வரும்.

ஆகவே நான்காவது கேள்வி: நிரம்பிய கட்டங்களுக்குள் வளையம் உண்டா? பெரிய அட்டவணையில் கண்ணால் தேடுவது கடினம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே ஒரு நிரம்பிய கட்டம் உள்ள நிரையையோ நிரலையோ கண்டுபிடித்து அடிக்க வேண்டும். அடித்தபின் வேறொன்று அந்த நிலைக்கு வரும், அதையும் அடிக்க வேண்டும். எல்லாம் அடிபட்டுப் போனால் வளையம் இல்லை. மேலே சொன்ன 495 வெள்ளித் தீர்வில் தேக்கா நிரலும் ஈசூன் நிரலும் போய்விடும், அவற்றோடு ஜூரோங்கும் போய்விடும். அதற்குமேல் எதையும் அடிக்க முடியாது. மீந்த இரண்டு நிரையிலும் இரண்டு நிரலிலும் இரண்டிரண்டு கட்டங்கள் நிற்கும். அதுதான் வளையம். தாளில் ஒரு நிமிட வேலை. பூஜ்யக் கட்டங்களையும் நிரம்பியவையாகவே எண்ண வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கணினியில் சால்வர் போட்டால் இதெல்லாம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குத் தெரியும். சால்வர் தன் தொடக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். தேர்வில் கையால் செய்யச் சொல்கிறார்கள், கையால் செய்பவருக்கு இந்தச் சோதனை வேண்டும். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

வழிகாட்டியில் மாற்றக் கேட்பவை இவை. “மிகக் குறைந்த செலவுள்ள கட்டத்தில் பூஜ்யம்” என்ற சொற்களுக்கு முன் “வளையம் உண்டாக்காத” என்பதைச் சேருங்கள். நிரையும் நிரலும் ஒன்றாகத் தீரும்போது ஒன்றை மட்டும் அடிக்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். தொடக்கத் தீர்வுக்கு நீங்கள் கொடுக்கும் ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றை வளையச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மொத்தச் செலவு சரியாக இருப்பதற்கு இப்போது தரும் இரண்டிலிருந்து அதை எடுக்கலாம். மேலே உள்ள அரிசிக் கணக்கு பயன்படுமென்றால் அப்படியே பயிற்சித் தாளில் போட்டுக்கொள்ளுங்கள், என் அனுமதி கேட்க வேண்டாம்.

அன்புடன்,
சரக்குத் திட்டமிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்
ஈசூன், சிங்கப்பூர்