பட்டினி கிடந்த ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிவா,

உன் மகள் காதுகுத்துக்கு வராததற்குத் திட்டுவாய், திட்டு. கோழிக்குஞ்சு பேட்ச் இறங்கிய நான்காம் நாள், எப்படி வருவது? தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெரியசாமி மறுபடி புல்லட் வாங்கிவிட்டான், மறுபடி விழுந்தும்விட்டான்.

இந்தக் கடிதம் அதற்காக அல்ல. போன ஞாயிறு என் கோழிப்பண்ணையில் தீவனம் தீர்ந்துபோனது. அதில் பாதிப் பழி உனக்கு.

இரண்டு வருஷம் முன்னால் பொங்கலுக்கு வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து எனக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் போட்ட தீவனத்தை D வரிசையில் எழுதினால், அடுத்த வாரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அதுவே சொல்லும் என்றாய்:

```
=AVERAGE(D15:D21)*7
```

போன வாரச் சராசரியை ஏழால் பெருக்கு. பால் கணக்குக்கு இது சரி. கோழிக்கு இல்லை மாப்ளே. போன வாரம் தின்ற கோழி இந்த வாரம் அதே கோழி இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 5,000 குஞ்சு இறக்கினேன். 15ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை ஒரு கோழி தின்றது மொத்தம் 637 கிராம். அப்போது ஷெட்டில் 4,870 இருந்தன. ஆக 3,100 கிலோ, 50 கிலோ மூட்டையில் 62. உன் ஷீட்டும் அடுத்த வாரத்துக்கு 62 என்றது. நான் புத்திசாலித்தனமாக ஐந்து சேர்த்து 67 மூட்டை இறக்கினேன்.

ஆனால் 22ஆம் நாள் கோழி 115 கிராம் தின்கிறது, 28ஆம் நாள் 142 கிராம். இடையில் தினமும் நாலைந்து கிராம் ஏறும். அந்த ஏழு நாளுக்குக் கோழிக்கு 900 கிராம். 4,830 கோழிக்கு 4,350 கிலோ, அதாவது 87 மூட்டை. என்னிடம் இருந்தது 67. கணக்குப் போட்டுப் பார், 27ஆம் நாள் மத்தியானம் தீர வேண்டும். அப்படியே தீர்ந்தது. ஞாயிறு வேறு, மில் பூட்டு.

நான் ஏன் ஐந்தோடு நிறுத்தினேன் என்று கேட்பாய். போன ஐப்பசியில் அளவுக்கு மேல் இறக்கி, 22 மூட்டை மிச்சமாகிப் பூஞ்சணம் பிடித்ததே, அந்தப் பயம். அடி வரிசை மூட்டையைப் பிரித்தால் கட்டி கட்டியாக, மக்கிய வாடை. அப்பா “கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடு” என்றார். பூஞ்சணத்து விஷம் கோழியின் ஈரலைக் கெடுக்கும், கலந்து போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். குழி தோண்டிப் புதைத்தேன். மூட்டை இரண்டாயிரத்துக்கு மேல். அதிலிருந்து கை குறுகிவிட்டது.

சரி, அந்த மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். ஷெட்டுச் சத்தம் மாறியதில் எழுந்தேன். நிறைந்த தட்டில் கொத்தும்போது மழைத்தூறல் மாதிரி ஒரு சத்தம் இருக்கும். காலித் தட்டில் அலகு படும்போது டக் டக்கென்று பிளாஸ்டிக் சத்தம். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான அலகுகள் சேர்ந்து அதைச் செய்தால் வயிற்றைப் பிசைகிறது. சில கோழிகள் தரையில் விரித்த தேங்காய் மஞ்சியைக் கொத்திக்கொண்டிருந்தன.

பக்கத்துப் பண்ணை அண்ணன் பத்து மூட்டை கடன் கொடுத்தார். அது வந்து தட்டில் விழும்போது மணி எட்டு. ஆறு மணி நேரப் பசி. உண்மையான சேதம் அப்போதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுக்குப் பாய்ந்து ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, தொடையெல்லாம் நகக்கீறல். அடுத்த இரண்டு நாள் எச்சம் தண்ணீராக இருந்தது. 28ஆம் நாள் ஐம்பது கோழி எடை போட்டேன். கொழுத்தது கொழுத்தபடி, சின்னது சின்னதாகவே நின்றுவிட்டது. முண்டி வர முடியாதவை அன்று ராத்திரியும் சரியாகத் தின்னவில்லை.

அதிலிருந்து இதே யோசனைதான் எனக்கு. ராத்திரியில் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவள் விளக்கை அணைக்கிறாள்.

உன் ஷீட்டை நானே மாற்றிவிட்டேன். சிரிக்காதே. A-யில் வயது, B-யில் அந்த வயதுக்கு ஒரு கோழி தின்னும் கிராம் (என் கடைசி ஆறு பேட்ச் நோட்டிலிருந்து எடுத்தது, வெயில் மாதத்துக்குக் கொஞ்சம் குறைத்து), C-யில் உயிரோடு இருப்பவை. வரிசை எண்ணும் வயதும் ஒன்றாக இருக்கும்படி வைத்தேன். D-யில்,

```
=B22*C22/1000
```

ஆர்டர் போடும் நாளில் அடுத்த லோடு வரும் நாள்வரைக்கும், அதற்கு மேல் இரண்டு நாளுக்கும் D-யைக் கூட்டி, கையில் இருப்பதைக் கழிக்கிறேன். அந்த இரண்டு நாள் ஞாயிறுக்கும் லாரிக்காரனுக்கும். அதற்கு மேல் வைத்தால் ஐப்பசிக் கதைதான்.

நான் இத்தனை நாள் சாவுக் கணக்கைத்தான் பெரிதாக நினைத்தேன். செத்ததை அட்டையில் எழுதவில்லை என்று பையனை எத்தனை முறை கத்தியிருப்பேன். நாற்பது கோழி கணக்கில் தப்பினால் நாளைக்கு ஐந்தாறு கிலோ. ஆனால் வயதில் ஒரு நாள் பிசகினால் தினமும் அரை மூட்டை. அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் கோழி பிடிக்க ஆரம்பித்துவிட்டால் எண்ணிக்கைதான் எல்லாம். அதுதான் இப்போதைய கவலை. இன்று 33ஆம் நாள். 36ஆம் நாள் 1,800 கோழி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் வியாபாரி. அடுத்த வாரம் புரட்டாசி. உனக்குத் தெரியாததா, ஊரே கறியை நிறுத்திவிடும், வண்டி நாலு நாள் தள்ளி வரும். அவர் எடுத்தால் மிச்சம் 2,980 கோழிக்கு ஒரு நாளைக்கு 11 மூட்டை போதும். எடுக்காவிட்டால் 4,780 கோழிக்குப் பதினெட்டு. ஐந்து நாளில் 33 மூட்டைக்கு மேல் வித்தியாசம். அதிகமாக இறக்கினால் கடைசியில், வளர்ந்த கோழிக்குப் போடும் ஃபினிஷர் தீவனம் மிச்சம். அடுத்த பேட்ச் குஞ்சுக்கு அதைப் போட முடியாது, அது ஃபினிஷர் தின்னும் வயதுக்கு வரும்வரை மூட்டை தாங்காது.

மில்லில் பேசி, அவர் எடுப்பார் என்ற கணக்கில் 40ஆம் நாள்வரைக்கும் ஒரு லோடும், வியாபாரி கையை விரித்தால் இரண்டு நாள் முன்னறிவிப்பில் நாற்பது மூட்டையும் என்று முடித்திருக்கிறேன். இதை ஷீட்டில் எப்படிப் போடுவது? பிடிக்கும் நாளை ஒரு கட்டத்தில் மாற்றினால் C தானாகக் குறைய வேண்டும். இதையாவது சரியாகப் போட்டுக் கொடு, ஏழால் பெருக்காதே.

இன்னொன்று. தீவனம் அட்டவணையைவிட இரண்டு மூட்டை மிஞ்சினால் சந்தோஷப்படக் கூடாது என்று இப்போது தெரிகிறது. இந்த பேட்ச்சிலேயே 18ஆம் நாள் மிஞ்சியது. சிக்கனம் என்று நினைத்தேன். பார்த்தால் கடைசி நிப்பிள் லைனில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் குடிக்காத கோழி தீவனமும் தின்னாது. நீ ஷீட் போடும்போது, போட வேண்டியதைவிடப் போட்டது பத்து சதவீதம் குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகட்டும்.

தீபாவளிக்காவது வா. லாரி ஹாரன் அடிக்கிறான், இறக்கும்போது நின்று எண்ணாவிட்டால் ஒன்று குறையும்.

உன்,
முருகேசு