முன்ஜாமீன் என்றால் விடுதலை அல்ல

ஆசிரியருக்கு,

மோசடி வழக்குச் செய்திகளில் 'முன்ஜாமீன் பெற்றுத் தப்பினார்' என்று எழுதுகிறீர்கள். தப்புவது எங்கிருந்து? வழக்கு அப்படியே இருக்கிறது.

கைதாகிக் காவலில் இருப்பவர் கேட்பது ஜாமீன். கைதாவோம் என்று அஞ்சுபவர், முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்னரேகூடக் கேட்கலாம், அது முன்ஜாமீன். அதை செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் தர முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவு. உத்தரவின் பொருள் இவ்வளவே: போலீஸ் கைது செய்தால் ஜாமீனில் விட வேண்டும்.

சீட்டுப் பண மோசடிப் புகாரில் ஒருவர் முன்ஜாமீன் பெறுகிறார் என்று வையுங்கள். நீதிமன்றம் சொன்ன நாள்களுக்குள் மாஜிஸ்திரேட் முன் இரு ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும். விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது, அனுமதியின்றி வெளிநாடு செல்ல முடியாது. அவர் சொல்லும் தகவலால் கணக்குப் புத்தகம் கிடைத்தால், அதைச் சாட்சியமாகப் பயன்படுத்த, அந்த அளவுக்கு அவர் காவலில் இருந்ததாகவே கொள்ளலாம் என்று 2020இல் சுசீலா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனையை மீறினால் உத்தரவை ரத்து செய்யக் கோரலாம். குற்றப்பத்திரிகையும் வரும், வழக்கும் நடக்கும்.

செய்தியில் நிபந்தனைகளையும் ஒரு வரி சேருங்கள். பணத்தை இழந்தவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

- ஒரு வாசகர், மதுரை